கூட்டிச் சொல்லாதவன் ஏமாளியா?

சென்னையில் ஐடி வேலை மாறப்போகும் எவருக்கும் நண்பர்கள் சொல்லும் முதல் அறிவுரை ஒன்று உண்டு. ரெக்ரூட்டர் போனில் கரண்ட் சிடிசி எவ்வளவு என்று கேட்டால் உள்ளதைச் சொல்லாதே. இரண்டு மூன்று லட்சம் கூட்டிச் சொல். அறைத்தோழன் சொல்கிறான், டீம் லீடு சொல்கிறார், வேலை மாறிப் பழகிய அண்ணன்கள் சொல்கிறார்கள். உண்மையைச் சொன்னேன் என்று ஒருவர் சொன்னால் அவரைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். இந்த அறிவுரை தவறு. ஒழுக்கத்தின் பெயரால் மட்டும் இதை மறுக்க வரவில்லை. இதன் கணக்கே தவறு. எந்தப் பணத்தைப் பெற்றுத் தருவதாகச் சொல்கிறதோ அதையே இது இழக்க வைக்கிறது.

முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுகிறேன். ஜாவா பேக்எண்ட் வேலையில் ஆறு ஆண்டு அனுபவமுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருடைய சிடிசி 12 லட்சம். புதிய நிறுவனம் இப்போதைய சம்பளத்துக்கு மேல் 30 சதவீதம் ஹைக் தரும் என்கிறது. உண்மையைச் சொன்னால் 15.6 லட்சம் கிடைக்கும். 15 லட்சம் என்று சொல்லியிருந்தால் 19.5 லட்சம். வித்தியாசம் ஆண்டுக்கு 3.9 லட்சம். அடுத்தடுத்த வேலைகளின் ஹைக்கும் இதன்மேல்தான் ஏறும் என்பதால் இழப்பு வளர்ந்துகொண்டே போகும்.

இந்த வாதத்துக்கு உளவியலும் துணை நிற்கிறது. 1974-இல் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் வெளியிட்ட ஒரு சோதனையில் ஒரு சக்கரத்தைச் சுழற்றிக் காட்டினார்கள். அது 10-இல் அல்லது 65-இல் மட்டுமே நிற்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. பிறகு ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10-ஐப் பார்த்தவர்களின் இடைநிலை மதிப்பீடு 25. 65-ஐப் பார்த்தவர்களுடையது 45. கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத எண்கூட மனத்தை இழுக்கிறது என்றால், சம்பளப் பேச்சில் முதலில் விழும் எண் எவ்வளவு இழுக்கும்? நிறுவனமோ தன் பட்ஜெட்டை மூடி வைத்திருக்கிறது. நான் மட்டும் ஏன் திறந்து காட்ட வேண்டும்?

இவை அற்பமான வாதங்கள் அல்ல. முதல் எண் இழுக்கும் என்பது உண்மை. நிறுவனம் மறைக்கிறது என்பதும் உண்மை. ஆனால் இவற்றிலிருந்து பொய் சொல் என்ற முடிவுக்குப் போவதில்தான் பிழை இருக்கிறது. என் மறுப்புகளை வரிசையாக வைக்கிறேன்.

1. சரிபார்க்க மாட்டார்கள் என்பது பொய்

யார் சொன்னது, சம்பளத்தைச் சரிபார்க்க வழியில்லை என்று? ஆஃபர் லெட்டர் கைக்கு வருவதற்கு முன்பே பெரும்பாலான நிறுவனங்கள் கடைசி மூன்று மாத பேஸ்லிப் கேட்கின்றன. சில, சம்பளம் வரவான வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்டையும் கேட்கின்றன. பழைய நிறுவனத்தின் ஆஃபர் லெட்டர், கடைசி ஹைக் கடிதம், வருமான வரிக்கான ஃபாரம் 16 ஆகியவை வழக்கமான பட்டியலில் உள்ளவை. இவற்றில் ஏதாவது ஒன்று போதும், 15 லட்சம் 12 ஆகிவிடும்.

பேஸ்லிப்பைத் தாண்டிவிட்டாலும் கதை முடியாது. பி.எஃப். பாஸ்புக்கில் மாதாமாதம் செலுத்திய தொகை இருக்கிறது. முழு பேசிக் மீது 12 சதவீதம் பிடிக்கும் நிறுவனமாக இருந்தால் அந்தத் தொகையிலிருந்து பேசிக் சம்பளத்தை நொடியில் கண்டுபிடிக்கலாம். 15,000 ரூபாய் உச்சவரம்பின்படி மாதம் 1,800 மட்டும் பிடிக்கும் நிறுவனம் என்றால் பாஸ்புக் எதையும் காட்டிக்கொடுக்காது. அப்போதும் வரிக் கணக்கு காட்டிக்கொடுக்கும். நிதியாண்டின் நடுவே வேலை மாறுகிறவர், பழைய நிறுவனத்தில் அந்த ஆண்டு வாங்கிய சம்பளத்தையும் பிடித்த வரியையும் புதிய நிறுவனத்துக்குத் தெரிவிக்க ஒரு படிவம் உண்டு. பலரும் அதை 12பி என்று அறிவார்கள். அதைக் கொடுக்காவிட்டால் இரண்டு நிறுவனங்களும் தனித்தனியாக வரி விலக்கைக் கணக்கிட்டு, ஆண்டு முடிவில் பெரிய வரித்தொகை ஒன்று நம் தலையில் விழும். கொடுத்தாலோ, எந்த நிறுவனத்திடம் 15 லட்சம் என்று சொன்னோமோ அதே நிறுவனத்தின் பேரோல் பிரிவில் நம் கையெழுத்தோடு உண்மைச் சம்பளம் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பிடிபடுவதைவிடக் கொடியது பிடிபடும் நேரம். நம் ஊரில் நோட்டீஸ் பீரியட் 60 நாள், 90 நாள் என்று போகிறது. பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் பல இடங்களில் ஆஃபரை ஏற்ற பிறகுதான் தொடங்குகிறது. சில இடங்களில் சேர்ந்த பிறகும் நடக்கிறது. அதாவது பழைய வேலையை ராஜினாமா செய்து, அங்கே நம் இடத்துக்கு வேறு ஆளும் வந்துவிட்ட சமயத்தில், 'நீங்கள் தந்த தகவல் பொருந்தவில்லை' என்று ஒரு மின்னஞ்சல் வரலாம். தவறான தகவல் தந்தது தெரியவந்தால் வேலையை ரத்து செய்யலாம் என்ற வரி ஆஃபர் லெட்டரிலேயே பெரும்பாலும் இருக்கும். நாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்போம். பொய்யைக் காப்பாற்றப் பேஸ்லிப்பைத் திருத்தப் போனால் அது போலி ஆவணம். வேலைச் சந்தையின் சாமர்த்தியம் என்ற எல்லையைத் தாண்டிக் குற்றவியல் சட்டத்துக்குள் நுழைந்துவிடுகிறோம்.

2. பொய்யான எண்ணை வைத்துப் பேரம் பேச முடியாது

பேரம் என்பது ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பதா? எதிரில் இருப்பவர் 'ஏன்?' என்று கேட்கும்போது பதில் சொல்வதுதான் பேரம். 15 லட்சம் என்று சொன்னவரிடம் ரெக்ரூட்டர் அடுத்துக் கேட்பது, 'அதுல ஃபிக்ஸட் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு?' இதற்கும் ஒரு பொய் வேண்டும். 'கடைசி ஹைக் எப்போ, எவ்வளவு?' இன்னொரு பொய். முதல் சுற்றில் சொன்னதை நான்காவது சுற்றில் வேறொருவரிடம் அப்படியே திரும்பச் சொல்ல வேண்டும். தன் தகுதியைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் தன் பொய்யை நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையில் இருப்பார்.

பேஸ்லிப் கேட்கப்படும் அந்தக் கட்டத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். 19.5 லட்சம் என்று வாய்மொழியாகப் பேசி முடித்த நிறுவனம் பேஸ்லிப்பைப் பார்த்ததும் ஆஃபரைத் திரும்பப் பெறலாம். அல்லது, ஆள் தேவை என்றால், 'சரி, உண்மைச் சம்பளத்தில் 30 சதவீதம்' என்று 15.6-க்கு இறங்கலாம். அப்போது அவரிடம் என்ன வாதம் மிச்சம் இருக்கிறது? அவர் 19.5 கேட்டதற்கு இருந்த ஒரே அடிப்படை அந்த 15. அடிப்படை சரிந்ததும் கோரிக்கையும் சரிந்தது. இதே பெண் தொடக்கத்திலேயே 12 என்று சொல்லி, வேலையின் தன்மையை வைத்து அதிகம் கேட்டிருந்தால், பேஸ்லிப் வந்த நாளில் அவர் நிலை ஒரு இம்மிகூடக் குறைந்திருக்காது. ஆவணம் அவர் சொன்னதை உறுதிப்படுத்தியிருக்கும். கடைசிச் சுற்றில் அவர் சொல்லும் மற்ற காரணங்களுக்கும் அந்த நம்பகத்தன்மை சேர்ந்திருக்கும்.

3. சதவீதம் சட்டம் அல்ல

இப்போதைய சம்பளத்தின் மேல்தான் புதிய சம்பளம் போட வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? கூட்டிச் சொல் என்பவர்களும் ரெக்ரூட்டரும் ஒரே நம்பிக்கையில் நிற்கிறார்கள்: ஹைக் சதவீதம் மாற்ற முடியாதது. அதனால்தான் ஒருவர் அடித்தளத்தைப் பொய்யாக உயர்த்தச் சொல்கிறார். நான் அந்த நம்பிக்கையையே மறுக்கிறேன்.

ஒரு காலியிடம் உருவாகும்போது அதற்கு ஒரு கிரேடும், அந்த கிரேடுக்கு ஒரு சம்பள வரம்பும், அதற்குள் ஒரு பட்ஜெட்டும் ஒதுக்கப்படுகின்றன. நாம் யார் என்றே தெரியாத நாளில் போடப்பட்ட எண் அது. 30 சதவீதம் என்பது அந்தப் பட்ஜெட்டுக்குள் குறைவாக முடிக்க உதவும் ஒரு நடைமுறை. 'கம்பெனி பாலிசி' என்று அதைச் சொல்லும்போது கல்வெட்டு போல ஒலிக்கிறது. ஆனால் அதே நிறுவனத்தில், நோட்டீஸ் பீரியட் முடியப்போகிற, கையில் வேறு ஆஃபர் வைத்திருக்கிற ஒருவருக்காக அதே எச்ஆர் மேலதிகாரியின் ஒப்புதல் வாங்கி அந்தச் சதவீதத்தைத் தாண்டுவதும் நடக்கிறது.

கேட்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். வெளி கன்சல்டன்சி என்றால், அவர்களுக்கு நிறுவனம் தரும் கட்டணம் பொதுவாக நம் முதல் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு பங்கு. ஒரு மாதச் சம்பளத்துக்குச் சமமான 8.33 சதவீதம் வெகுநாள் வழக்கம். நம் சம்பளம் குறைந்தால் அவர்களுக்கு லாபமில்லை. அவர்களுடைய கவலை வேறு: கடைசி நேரத்தில் பேஸ்லிப் பொருந்தாமல் ஆள் கழன்றுவிடக் கூடாது. அவர்களிடம் பொய் சொல்வது, நமக்காகப் பேசக்கூடிய ஒரே ஆளை இருட்டில் வைப்பது. நிறுவனத்தின் சொந்த எச்ஆர் என்றால், அவர் தன் பட்ஜெட்டைக் காக்கிறார். அவரிடம்தான் வரம்பைக் கேட்க வேண்டும். 'இந்த ரோலுக்கு பட்ஜெட் என்ன ரேஞ்சுல இருக்கு?' என்று ஒருமுறை நேராகக் கேட்பதில் அநாகரிகம் ஒன்றுமில்லை. சில சமயம் பதில் கிடைக்காது. கிடைத்துவிட்டால் பேச்சு 12 லட்சத்திலிருந்து அந்த வரம்புக்கு நகர்ந்துவிடுகிறது.

உண்மையிலேயே இறுக்கமான வரம்பு வைத்திருக்கும் நிறுவனங்கள் இல்லையா? உண்டு. ஒரே மாதிரி வேலைக்கு மொத்தமாக ஆள் எடுக்கும் சில சர்வீஸ் நிறுவனங்களில் சதவீதம் அசையாது. அங்கே உண்மை சொன்னவர் அதிகம் பெற மாட்டார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அத்தனை இறுக்கமாக நடக்கும் நிறுவனம் பேஸ்லிப் பார்ப்பதிலும் அதே இறுக்கத்தைக் காட்டும். பொய்க்கு அங்கே இடம் இன்னும் குறைவு. அந்த இடத்தில் கேட்க வேண்டியவை வேறு: ஒரு கிரேடு மேலே வைப்பது, வேரியபிளில் ஒரு பகுதியை ஃபிக்ஸடாக மாற்றுவது, நோட்டீஸ் நாட்களுக்கான பணத்தை நிறுவனமே கட்டுவது. இவையும் இல்லையென்றால் அந்த வேலையை விட்டுவிடலாம். அதற்கும் உண்மையான கணக்கு கையில் இருக்க வேண்டும்.

4. பலவீனப்படுத்துவது உண்மை அல்ல, ஒற்றை எண்

'உண்மையைச் சொன்னேன், மாட்டிக்கொண்டேன்' என்பவர்கள் எதைச் சொன்னார்கள் என்று கேளுங்கள். 'பன்னிரண்டு' என்று ஒரு சொல்லில் முடித்திருப்பார்கள். அது உண்மைதான், ஆனால் அரைகுறையான உண்மை. சிடிசி என்பது கைக்கு வரும் பணம் அல்ல. நிறுவனம் நம்மீது செலவிடுவதாகச் சொல்லும் எல்லாவற்றின் கூட்டுத்தொகை. அதில் பேசிக், வீட்டு வாடகைப் படி, ஸ்பெஷல் அலவன்ஸ் இருக்கும். நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு இருக்கும், கிராஜுவிட்டிக்கென பேசிக்கில் 4.81 சதவீதம் இருக்கும். சில இடங்களில் இன்சூரன்ஸ் பிரீமியமும் இருக்கும். வேரியபிள் இருக்கும், அது முழுதாக வரலாம், வராமலும் போகலாம். இரண்டு நிறுவனங்களின் சிடிசியை அப்படியே ஒப்பிட்டால் வெவ்வேறு பொருள்களை ஒப்பிடுகிறோம்.

நம் பெண்ணின் 12 லட்சத்தைப் பிரிப்போம். ஃபிக்ஸட் 10.8 லட்சம், வேரியபிள் 1.2 லட்சம். நேர்காணல் நடப்பது ஜனவரியில். ஏப்ரலில் அவருக்கு அப்ரைசல் வருகிறது. கடந்த இரண்டு ஆண்டுகளாக 8 சதவீதம் கிடைத்திருக்கிறது. ஜூனில் ஒரு லட்சம் ரிடென்ஷன் போனஸ் வர வேண்டும். இப்போது விலகினால் அது போகும்.

புதிய நிறுவனம் 15.6 லட்சம் தருகிறது. 30 சதவீத ஹைக் என்று வாழ்த்துகிறது. ஆஃபரைப் பிரித்தால், அதில் ஒரு லட்சம் ஜாயினிங் போனஸ். முதல் ஆண்டு மட்டும் வருவது. 15 சதவீதம் வேரியபிள், அது 2.34 லட்சம். மிச்சம் ஃபிக்ஸட் 12.26 லட்சம். இப்போது கணக்குப் பாருங்கள். ஃபிக்ஸடுக்கு ஃபிக்ஸட் உயர்வு 10.8-இலிருந்து 12.26, அதாவது பதின்மூன்றரை சதவீதம். ஏப்ரல் அப்ரைசலில் வழக்கம்போல 8 சதவீதம் வந்திருந்தால் பழைய வேலையிலேயே ஃபிக்ஸட் 11.66 ஆகியிருக்கும். அதோடு ஒப்பிட்டால் உயர்வு ஆண்டுக்கு அறுபதாயிரம் ரூபாய், ஐந்து சதவீதம். ஜாயினிங் போனஸோ ஜூனில் இழக்கப்போகும் ஒரு லட்சத்தை ஈடுகட்டுவதோடு சரி.

30 சதவீதம் என்று மேசையில் வைக்கப்பட்ட ஆஃபர் ஐந்து சதவீதமாகச் சுருங்கிவிட்டது. எந்தப் பொய்யும் சொல்லாமல், தன் சம்பளத்தை முழுமையாகச் சொன்னதாலேயே இந்த வாதம் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கிறது. 15 லட்சம் என்று சொல்லியிருந்தால் இந்தக் கணக்கை வாயால் சொல்லவே முடியாது; ஒவ்வொரு வரியும் தன்னையே காட்டிக்கொடுக்கும்.

ஆகவே முதல் போனில் அவர் சொல்ல வேண்டியது ஏறக்குறைய இதுதான்:

'இந்த ரோலுக்கு நான் எதிர்பார்க்கறது ஃபிக்ஸட் மட்டும் 16 லட்சம் சார். இப்ப என் சிடிசி 12. அதுல ஃபிக்ஸட் 10.8, வேரியபிள் 1.2. ஏப்ரல்ல அப்ரைசல் இருக்கு, ஜூன்ல ஒரு லட்சம் ரிடென்ஷன் போனஸ் வரணும். இந்த ரோல் நான் இப்ப பண்றத விடப் பெரிசு. அதனால இப்ப வாங்கறதுமேல சதவீதம் போடாம, இந்த ரோலுக்கு நீங்க வெச்சிருக்கற பட்ஜெட்ட வெச்சுப் பேசினா நல்லா இருக்கும்.'

இதில் வரிசை முக்கியம். எதிர்பார்ப்பு முதலில், இப்போதைய சம்பளம் பிறகு. முதலில் விழும் எண் மனத்தை இழுக்கும் என்ற சோதனை முடிவை எதிர்த்தரப்பு மேற்கோள் காட்டியது அல்லவா? அதே முடிவு இங்கே நமக்கு உதவுகிறது. முதல் எண்ணாக 16 விழட்டும். அதற்கு 15 லட்சம் என்ற பொய் எதற்கு? எதிர்பார்ப்பு என்பது நம் கோரிக்கை. அதில் பொய் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்பதும் முக்கியம். 12-ஐ மட்டும் சொல்லிவிட்டு மூன்று வாரம் கழித்து 16 கேட்டால், 12 அதற்குள் எக்செல் தாளில் ஒரு கட்டத்தில் ஏறி, எல்லார் கைக்கும் போயிருக்கும். அந்தக் கட்டத்திலும் 'ஃபிக்ஸட் 10.8, வேரியபிள் 1.2, ஏப்ரலில் அப்ரைசல்' என்று எழுதும்படி கன்சல்டன்சியிடம் கேட்டுக்கொள்ளலாம். பேசியதை ஒரு மின்னஞ்சலாகவும் அனுப்பிவிடலாம்.

உண்மைக்கும் பொய்க்கும் எல்லை எங்கே என்பதில் குழப்பம் வேண்டாம். வரப்போகும் அப்ரைசலை வரப்போவது என்று சொன்னால் உண்மை. வந்துவிட்டதாகச் சேர்த்து 'பதின்மூன்று' என்றால் பொய். ரிடென்ஷன் போனஸைத் தனியாகச் சொன்னால் உண்மை. மாதச் சம்பளத்தில் கரைத்துச் சொன்னால் பொய். போன ஆண்டு வேரியபிள் எவ்வளவு வந்தது என்று கேட்டால் வந்ததைச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றையும் அதன் பெயரில் சொல்லும்வரை அழுத்தமாகச் சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு.

5. சொல்லவே மறுத்துவிடு என்பது இங்கே அரைத் தீர்வு

பொய் வேண்டாம், வாயையே திறக்காதே என்று ஒரு தரப்பு சொல்கிறதே? அது நேர்மையான வழி, அதை மதிக்கிறேன். ஆனால் அது பிறந்த இடம் வேறு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2016-இல் சட்டம் இயற்றி, 2018 ஜூலை முதல், ஆஃபர் தருவதற்கு முன் பழைய சம்பளத்தைக் கேட்பதைத் தடை செய்தது. கலிபோர்னியாவில் 2018 ஜனவரி முதல் அதே தடை. அங்கே விண்ணப்பதாரர் கேட்டால் அந்த வேலையின் சம்பள வரம்பை நிறுவனம் சொல்லவும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் பிறப்பித்த சம்பள வெளிப்படைத்தன்மை நெறியும் பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்கிறது. அங்கே மறுப்பவருக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது.

இந்தியாவில் அப்படி ஒரு தடை இல்லை. இணைய விண்ணப்பங்களில் கரண்ட் சிடிசி பல இடங்களில் கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம். மறுப்பவர் பல சமயம் முதல் சல்லடையிலேயே விழுந்துவிடுகிறார். விழாவிட்டாலும் கடைசியில் பேஸ்லிப் கொடுக்கும்போது எண் வெளியே வரத்தான் செய்கிறது, அதுவும் விளக்கம் எதுவும் இல்லாத ஒற்றை எண்ணாக. அவசரமே இல்லாதவர், தேடி வந்து அழைக்கப்பட்டவர், மிக அரிதான திறன் உள்ளவர் மறுத்துப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு ஒருமுறை பட்ஜெட்டைக் கேட்டுவிட்டு, பதில் வராவிட்டால் மேலே சொன்னபடி முழுதாகச் சொல்லிவிடுவதே உத்தமம். கட்டாயக் கட்டத்தில் 0 என்றோ 1 என்றோ நிரப்பித் தப்பிக்க முயல வேண்டாம். அந்த எண்ணை வைத்து வடிகட்டும்போது நாம் காணாமல் போவோம்.

6. குறைந்த சம்பளக்காரருக்குப் பொய் நியாயம் செய்யாது

எதிர்த்தரப்பில் என் மனத்தை உண்மையாகவே தொடும் வாதம் ஒன்று உண்டு. கேம்பஸில் மூன்றரை லட்சத்துக்கு எடுக்கப்பட்டு, ஆண்டுக்கு எட்டு சதவீதத்தில் ஊர்ந்து வந்தவர். பிள்ளை பிறந்து இரண்டு ஆண்டு விட்டு, கிடைத்த சம்பளத்தில் மீண்டும் சேர்ந்த பெண். சிறிய ஊரில் சிறிய நிறுவனத்தில் பெரிய வேலையைப் பார்த்தவர். இவர்களுக்கு முன்பு ஒருமுறை நடந்த குறைவு ஒவ்வொரு வேலையிலும் தொடர்கிறது. பழைய சம்பளம் கேட்பதைத் தடை செய்த சட்டங்கள் பிறந்ததும், முக்கியமாகப் பெண்களின் சம்பளக் குறைவு இப்படி நீண்டுபோகக் கூடாது என்பதற்காகவே. அநியாயம் உண்மை. ஆனால் மருந்து பொய்யா?

மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவர் எவ்வளவு கூட்ட வேண்டும்? ஏழு லட்சம் வாங்குபவர் சந்தை நிலவரமான 14-க்குப் போக, 11 லட்சம் என்று சொல்ல வேண்டும். அதாவது இழப்பைத் தாங்கும் வலு மிகக் குறைவாக உள்ளவர் மிகப் பெரிய பொய்யைச் சொல்லி மிகப் பெரிய ஆபத்தை ஏற்க வேண்டும். அவருக்கு உண்மையில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது: 'என் இப்போதைய சம்பளம் என் இப்போதைய வேலையைக் காட்டவில்லை. அது நான் புதிதாகச் சேர்ந்தபோது போடப்பட்டது. இன்று நான் மூன்று பேர் டீமை நடத்துகிறேன், புரொடக்ஷன் ரிலீஸ் என் பொறுப்பு. இந்த வேலைக்கு உங்கள் நிறுவனத்தில் மற்றவர்களுக்கு என்ன தருகிறீர்களோ அந்த வரம்பில் என்னையும் வையுங்கள்.' வேலை மாறுவதற்கே அது நியாயமான காரணமாகவும் ஒலிக்கிறது. சம்பளத்தைப் பொய்யாக உயர்த்திச் சொன்னவர் இந்த வாதத்தைத் தன் கையாலேயே அழித்துவிடுகிறார்.

பொய் கூட்டாக என்ன செய்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லாரும் கூட்டிச் சொல்கிறார்கள் என்று நிறுவனங்களுக்குத் தெரியும். அதன் விளைவாக யாரும் கூடுதலாகத் தரவில்லை. மூன்று மாத பேஸ்லிப்பும் வங்கி ஸ்டேட்மென்டும் கேட்கும் வழக்கத்துக்கு இன்னும் வலு சேர்ந்தது. உண்மை சொன்னவரும் கூட்டிச் சொன்னவராகவே சந்தேகிக்கப்பட்டு, சொன்ன எண்ணிலிருந்து கழித்துப் பார்க்கப்படுகிறார். இந்தச் சுமையை அதிகம் சுமப்பவர்கள் மேலே சொன்ன அதே குறைந்த சம்பளக்காரர்கள்.

எல்லாரும் பொய் சொல்லும் சந்தையில் பழைய சம்பளம் கேட்கும் வழக்கத்தை எதிர்த்து யாரும் வாய் திறக்கவும் முடியாது. 'நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?' என்றால், 'நீங்கள் ஏன் பொய் சொல்கிறீர்கள்?' என்று பதில் வரும். வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போடு, பழைய சம்பளத்தைக் கேட்காதே என்று நிறுவனங்களிடமும் அரசிடமும் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. அதைக் கேட்கும் தகுதி உண்மையைச் சொன்னவர்களுக்கே இருக்கிறது.

அப்படி ஒரு சட்டம் வரும்வரை, அடுத்த அழைப்புக்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிக்ஸட், வேரியபிள், வரவேண்டிய போனஸ், அப்ரைசல் மாதம், இந்த வேலைக்கு நீங்கள் கேட்கும் தொகை, அதற்கான காரணம் ஆகிய ஆறையும் எழுதுங்கள். போனில் உங்கள் கோரிக்கையை முதலில் சொல்லுங்கள், மற்றவற்றை அதே மூச்சில் சொல்லுங்கள். ஒரு ரூபாய்கூடக் கூட்டாதீர்கள். உங்களுக்கு வர வேண்டிய ஒரு ரூபாயையும் சொல்லாமல் விடாதீர்கள்.